அரசியலமைப்புப் பகுதிக்கு எதை நம்புவது: பள்ளிப் புத்தகமா, கைடா, மூலச் சட்டமா?

கடலூரில் குரூப் 4, குரூப் 2 என்று படிப்பவர்களும், புதுச்சேரியில் எல்.டி.சி., யு.டி.சி. தேர்வுக்குப் படிப்பவர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. அடிப்படை உரிமைகள், அடிப்படைக் கடமைகள், சட்டத்திருத்த நடைமுறை ஆகிய மூன்றுக்கும் எதைப் படிப்பது? ஒரு சாரார் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகமே போதும் என்பார்கள். இன்னொரு சாரார் கடையில் விற்கும் கைடை விடமாட்டார்கள். பட்டப்படிப்பில் அரசியல் அறிவியல் எடுத்தவர் யாராவது இருந்தால், மூலச் சட்டத்தையே படித்துவிடு என்று அலட்டலாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

மூன்றையும் பொதுவாகப் பேசிப் பயனில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளை மூன்றிடமும் கொடுத்து, எது எங்கே கைவிடுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு நான் எடுத்துக்கொள்வது இரண்டு திருத்தங்கள்: 2002-இன் 86வது திருத்தம், 2011-இன் 97வது திருத்தம். இரண்டுமே அடிப்படை உரிமைகள் இருக்கும் பகுதி 3-இல் கை வைத்தவை. முதலாவது கடமைகளையும் தொட்டது. இரண்டாவது, திருத்த நடைமுறையிலேயே தடுக்கி விழுந்தது. இந்த இரண்டும் ஒழுங்காகப் புரிந்தவருக்கு இந்தப் பாடத்தில் பெரிதாக எதுவும் பாக்கி இல்லை என்பது என் எண்ணம்.

86-ஐ முதலில் பார்ப்போம். கைடைத் திறந்தால் ‘முக்கியத் திருத்தங்கள்’ என்ற அட்டவணையில் ‘86 – கல்வி உரிமை – 21அ’ என்று ஒரு வரி இருக்கும். பத்துப் பக்கம் தள்ளி, கடமைகள் அட்டவணையின் அடியில் ‘11வது கடமை – 86வது திருத்தம்’ என்று இன்னொரு வரி. நினைவில் வைக்க வசதிதான். ‘அடிப்படைக் கடமைகள் எந்தத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டன?’ என்று நேரடியாகக் கேட்டால், 42வது திருத்தம், 1976, ஸ்வரண் சிங் குழு என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அந்த வகைக் கேள்விக்குக் கைடை மிஞ்ச எதுவும் கிடையாது. இதைக் கேலி செய்பவர்கள் தேர்வறையில் நேரம் எப்படி ஓடும் என்பதை மறந்தவர்கள். குரூப் 4-இல் மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி.

ஆனால் கேள்வி இப்படி வந்தால்? ‘86வது திருத்தத்தால் மாற்றப்பட்ட அல்லது சேர்க்கப்பட்ட சட்டப்பிரிவுகள் எவை? (அ) 21அ மட்டும், (ஆ) 21அ, 51அ, (இ) 21அ, 45, 51அ, (ஈ) 45, 51அ.’ கைடை நம்பியவர் பெரும்பாலும் (ஆ)-வைக் கறுப்பாக்குவார். சரியான விடை (இ). விடுபட்டது 45. அது அரசு நெறிமுறைக் கோட்பாடுகளில் வருகிறது. கைடில் அதற்கு வேறு அத்தியாயம். ஒரே திருத்தத்தை மூன்று துண்டாக வெட்டி மூன்று இடத்தில் வைத்தால் ஒன்று தொலைந்துபோவதில் ஆச்சரியம் இல்லை.

பள்ளிப் புத்தகம் இங்கே கொஞ்சம் மேல், ஏனென்றால் அதில் ஒரு கதை இருக்கிறது. 1950-இல் 45வது பிரிவு, பதினான்கு வயது முடியும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும், பத்து ஆண்டுகளுக்குள் அதைச் செய்ய வேண்டும் என்றது. பத்து ஆண்டு போய் ஐம்பது ஆண்டு ஆனது. நெறிமுறைக் கோட்பாட்டை வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போக முடியாது. அதனால் 86வது திருத்தம் 6 முதல் 14 வயது வரையுள்ள பகுதியை அங்கிருந்து பிய்த்து எடுத்து, 21அ என்று அடிப்படை உரிமையாக்கியது. காலியான 45-இல், ஆறு வயது முடியும் வரை குழந்தைப் பருவப் பராமரிப்பும் கல்வியும் என்று எழுதி வைத்தது. அதே 6 முதல் 14 வயதுக் குழந்தைக்குக் கல்வி பெற வாய்ப்புத் தருவது பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கடமை என்று 51அ-வில் பதினோராவதாகச் சேர்த்தது. இந்தக் கதை தெரிந்தவருக்கு 45-ஐ மறக்கவே முடியாது.

ஆண்டு விஷயத்தில் ஒரு பொறி உண்டு. திருத்தம் 2002. நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1, கல்வி உரிமைச் சட்டத்தோடு சேர்ந்து. அந்தச் சட்டத்தின் ஆண்டு 2009. ஆக மூன்று ஆண்டுகள். விடைகளில் மூன்றும் வரிசையாக நிற்கும். கேட்பது ‘திருத்தப்பட்ட’ ஆண்டா, ‘நடைமுறைக்கு வந்த’ ஆண்டா என்று இரண்டாம் முறை வாசிக்க வேண்டிய இடம் இது.

இப்போது மூலச் சட்டம். 21அ-வைப் பிரித்துப் பார்த்தால், ஆறு முதல் பதினான்கு வயதுள்ள ‘எல்லாக் குழந்தைகளுக்கும்’ என்று இருக்கிறது. 51அ-வைப் பார்த்தால், ‘இந்தியக் குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமையும்’ என்று தொடங்குகிறது. பள்ளிப் புத்தகமும் கைடும் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும் இந்த வித்தியாசம், புதுச்சேரிக்காரருக்குத் தெருவிலேயே கிடைக்கிறது. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு அந்த வாய்ப்பு இருந்தது. அந்தக் குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. வீட்டில் பேசுவது தமிழ், கையில் இருப்பது பிரெஞ்சு பாஸ்போர்ட்.

அப்படி ஒருவர் லாஸ்பேட்டையில் குடியிருக்கிறார், அவருக்கு எட்டு வயதில் மகள் என்று வைத்துக்கொள்வோம். தந்தை, மகள் இருவரும் பிரெஞ்சுக் குடிமக்கள். அவருக்கு எந்த உரிமைகள் உண்டு? சட்டத்தின் முன் சமம் என்கிற 14 உண்டு, ஏனென்றால் அது ‘எந்த நபருக்கும்’ மறுக்கக் கூடாதது. உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான 21 உண்டு. கைதானால் 22-இன் பாதுகாப்பு உண்டு. எதிரி நாட்டவர் என்றால்தான் அது கிடையாது. மத சுதந்திரமும் உண்டு. ஆனால் பேச்சுரிமை, சங்கம் அமைக்கும் உரிமை எல்லாம் அடங்கிய 19 கிடையாது. அது குடிமக்களுக்கு மட்டும். மதம், சாதி, பாலினம் போன்றவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிற 15-உம், அரசு வேலையில் சம வாய்ப்பு என்கிற 16-உம் அப்படியே. மகளுக்கு 21அ-வின் சொற்கள் பொருந்துகின்றன, அவை ‘எல்லாக் குழந்தைகள்’ என்கின்றன. தந்தைக்கோ 51அ-வின் பதினோராவது கடமை இல்லை, அவர் இந்தியக் குடிமகன் இல்லை. ஒரே திருத்தத்தில் வந்த இரண்டு பிரிவுகள், ஒரே வீட்டில் ஒருவருக்குப் பொருந்துகின்றன, இன்னொருவருக்குப் பொருந்தவில்லை. ‘வெளிநாட்டவருக்குக் கிடைக்காத உரிமைகள் எவை?’ என்ற கேள்விக்கு 15, 16, 19, 29, 30 என்று எண்களை உருப்போடுவதைவிட, இந்த லாஸ்பேட்டை வீட்டை ஒரு தடவை யோசித்துப் பார்ப்பது சுலபம்.

இதுவரை கணக்குப் பார்த்தால் மூலச் சட்டம் முந்துகிறது, பள்ளிப் புத்தகம் இரண்டாவது. சரி, திருத்த நடைமுறைக்குப் போவோம். அங்கேதான் மூலச் சட்டமும் தனியாக நிற்க முடியாத இடம் வருகிறது.

368வது பிரிவு கேட்கும் சிறப்புப் பெரும்பான்மையில் இரண்டு நிபந்தனைகள். ஒவ்வோர் அவையிலும், அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். கூடவே, வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் வேண்டும். பல கைடுகளில் இது ‘2/3 பெரும்பான்மை’ என்று சுருங்கிவிடும். சில கைடுகளில் ‘மொத்த உறுப்பினர்களில் 2/3’ என்று அச்சாகியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். இது வெறும் சுருக்கம் இல்லை, விடையே மாறிப்போகும்.

மக்களவையின் மொத்த இடங்கள் 543, அதில் பெரும்பான்மை 272. ஒரு திருத்த மசோதா வாக்கெடுப்பில் 390 பேர் வந்திருந்து வாக்களிக்கிறார்கள், 265 பேர் ஆதரவு, 125 பேர் எதிர்ப்பு. 390-இல் மூன்றில் இரண்டு 260. அது தாண்டிவிட்டது. ஆனாலும் மசோதா தோற்றது, ஏனென்றால் 272 வரவில்லை. இன்னொரு நாள் 450 பேர் வாக்களிக்கிறார்கள், ஆதரவு 290. இப்போது 272 தாண்டிவிட்டது, ஆனால் 450-இல் மூன்றில் இரண்டு 300. மறுபடியும் தோல்வி. இரண்டு நிபந்தனைகளும் ஒரே எண்ணில் சந்திப்பது 408 பேர் வாக்களிக்கும்போது. அதில் மூன்றில் இரண்டு சரியாக 272. அதற்குக் கீழே போனால் முதல் நிபந்தனை கழுத்தைப் பிடிக்கும், மேலே போனால் இரண்டாவது பிடிக்கும். அவைக்கு வந்தும் வாக்களிக்காமல் ஒதுங்கி இருப்பவர் ‘வாக்களித்தவர்’ கணக்கில் வரமாட்டார். காலியான இடங்களோ மொத்தக் கணக்கில் வரும். இந்த 408-ஐ மட்டும் ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டால், கூற்று-காரணம் கேள்வியில் எப்படித் திருப்பிப் போட்டுக் கேட்டாலும் தடுமாறமாட்டோம்.

அப்புறம் கூட்டுக் கூட்டம். சாதாரண மசோதாவில் இரு அவைகளும் முரண்பட்டால் கூட்டுக் கூட்டம் உண்டு, திருத்த மசோதாவுக்குக் கிடையாது. குடியரசுத் தலைவர் அதைத் திருப்பி அனுப்பவும் முடியாது. 1971-இன் 24வது திருத்தத்துக்குப் பின் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும். மூன்று புத்தகங்களுமே இதைச் சரியாகச் சொல்கின்றன.

சண்டை வருவது அடுத்த படியில்: எந்தத் திருத்தத்துக்குப் பாதி மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும்? ‘அடிப்படை உரிமைகளைத் திருத்த மாநிலங்களின் ஒப்புதல் தேவை’ என்ற கூற்றைக் கொடுத்தால், நன்றாகப் படிக்கிறவர்களிலேயே பாதிப் பேர் ‘சரி’ என்பார்கள். இவ்வளவு பெரிய விஷயத்துக்குக் கடினமான வழிதானே இருக்கும் என்று மனசு சொல்லும். கூற்று தவறு. 368(2)-இன் வரம்புரையில் இருக்கும் பட்டியலில் பகுதி 3 இல்லை. பகுதி 4-உம், கடமைகள் இருக்கும் பகுதி 4அ-வும் இல்லை. அதில் இருப்பவை குடியரசுத் தலைவர் தேர்தல், ஒன்றிய மற்றும் மாநில நிர்வாக அதிகாரத்தின் எல்லை, உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும், சட்டமியற்றும் அதிகாரப் பங்கீடு, ஏழாவது அட்டவணையின் பட்டியல்கள், நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவம், சரக்கு சேவை வரி மன்றம், கடைசியாக 368வது பிரிவே. எல்லாமே மாநிலமும் ஒன்றியமும் பங்குபோட்டுக்கொள்ளும் விஷயங்கள். உரிமை தனிமனிதருக்கும் அரசுக்கும் நடுவில் இருப்பது. அதற்குக் காவல் மாநிலங்களின் ஒப்புதல் இல்லை, 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் 7-க்கு 6 என்று பிரிந்து தீர்ப்புச் சொன்ன அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு. அதனால்தான் 86வது திருத்தம் நாடாளுமன்றத்தோடு முடிந்தது.

இதே அளவுகோலை வைத்து 97-ஐப் பாருங்கள். கூட்டுறவுச் சங்கங்கள் பற்றிய திருத்தம். இதுவும் மூன்று இடத்தைத் தொட்டது. 19(1)(இ)-யில் சங்கங்கள் அமைக்கும் உரிமையோடு ‘கூட்டுறவுச் சங்கங்கள்’ சேர்ந்தன. நெறிமுறைக் கோட்பாடுகளில் 43ஆ சேர்ந்தது. பகுதி 9ஆ என்று புதிதாக ஒரு பகுதியே நுழைந்தது: நிர்வாகக் குழுவில் 21 பேருக்கு மேல் கூடாது, பதவிக்காலம் ஐந்து ஆண்டு, பெண்களுக்கு இத்தனை இடம் என்றெல்லாம். சேத்தியாத்தோப்பில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் விவசாயிக்கும், ஊரின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகைக்கடன் வாங்கியவருக்கும் நேரடியாகச் சம்பந்தப்பட்ட சங்கதி.

நாடாளுமன்றம் இதைச் சிறப்புப் பெரும்பான்மையோடு நிறைவேற்றியது, குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார், 2012 பிப்ரவரியில் நடைமுறைக்கும் வந்தது. மாநிலங்களிடம் போகவில்லை. 2013-இல் குஜராத் உயர் நீதிமன்றம் பகுதி 9ஆ செல்லாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 2021 ஜூலையில் தீர்ப்பு வந்தது.

தேர்வுக்குப் படிப்பவருக்கு இந்த இடம் பொன். மூலச் சட்டத்தை மட்டும் படித்த ஒருவர் என்ன சொல்வார்? ‘ஏழாவது அட்டவணையில் ஒரு எழுத்தைக்கூட இந்தத் திருத்தம் மாற்றவில்லை, மாநிலப் பட்டியலின் 32வது இனமான கூட்டுறவுச் சங்கம் அங்கேயேதான் இருக்கிறது, ஆகவே ஒப்புதல் தேவையில்லை’ என்பார். ஒன்றிய அரசின் வாதமும் ஏறக்குறைய அதுதான். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பட்டியலைத் தொடாவிட்டாலும், மாநிலச் சட்டமன்றம் தனக்கே உரிய விஷயத்தில் இப்படித்தான் சட்டம் போட வேண்டும் என்று கட்டிப்போட்டாயிற்று. விளைவைப் பார்த்தால் அது அதிகாரப் பங்கீட்டில் மாற்றம்தான். ஆகவே பாதி மாநிலங்களின் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும் என்றது. பஞ்சாயத்து, நகராட்சி பற்றிய 73, 74வது திருத்தங்கள் அப்படி ஒப்புதல் வாங்கித்தான் வந்தன. மாநிலங்களுக்குள் இயங்கும் சங்கங்களைப் பொறுத்தவரை பகுதி 9ஆ விழுந்தது. பல மாநிலங்களில் இயங்கும் சங்கங்களுக்கு மட்டும் பிழைத்தது, அதிலும் மூன்று நீதிபதிகளில் ஒருவர் மாறுபட்டார். 19(1)(இ)-யில் சேர்ந்த சொற்களும் 43ஆ-வும் அப்படியே நின்றன, ஏனென்றால் அவற்றுக்கு மாநிலங்களின் ஒப்புதல் முதலிலிருந்தே தேவைப்படவில்லை. ஆக, ஒரே திருத்தச் சட்டத்தில் உரிமை தப்பித்தது, விரிவான விதிகள் கவிழ்ந்தன.

இதில் மூலச் சட்டத்தின் பெரிய குறை தெரிந்துவிடும். விழுந்த பகுதி 9ஆ இன்றும் புத்தகத்தில் அச்சாகி இருக்கிறது. நீதிமன்றம் செல்லாது என்றால் அந்தச் சொற்கள் தாமாக அழிந்துவிடுவதில்லை. திருத்தத்தை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று 42வது திருத்தம் சேர்த்த 368(4), 368(5) இரண்டையும் 1980-இல் மினர்வா மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. அவை இன்னும் 368-இன் அடியில் உட்கார்ந்திருக்கின்றன. நீதிபதிகள் நியமன ஆணையத்துக்கான 124அ, பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஒப்புதல் தந்தும் 2015-இல் விழுந்தது. அதுவும் அச்சில் இருக்கிறது. அரசின் பதிப்பில் அடிக்குறிப்பு இருக்கும், மலிவுப் பதிப்புகளில் சில சமயம் அதுவும் இருக்காது. அடிக்குறிப்பைப் படிக்காமல் மூலச் சட்டம் படிப்பவர், ‘திருத்தங்களை நீதிமன்றம் ஆராய முடியாது’ என்ற கூற்றைச் சரி என்று போட்டுவிட்டு, பிரிவு எண்ணோடு நம்மிடம் வாதாடுவார்.

கைடு 97-ஐ எப்படிக் கையாள்கிறது? ‘97 – கூட்டுறவு – பகுதி 9ஆ – 2011.’ தீர்ப்பு பற்றிப் பேச்சில்லை. பள்ளிப் புத்தகம் திருத்த வகைகளை மூன்றாகப் பிரித்துச் சொல்வதோடு நின்றுவிடும், அதன் வேலையும் அவ்வளவுதான். இந்த ஒரு கேள்விக்கு மூன்றுமே போதாது. செய்தித்தாளோ நல்ல ஆசிரியரோ தேவை.

அடுத்தது, புதுச்சேரியிலிருந்து வரும் ஒரு பெண் கேட்ட கேள்வி. “அக்கா, பாதி மாநிலங்கள்னா எங்க சட்டமன்றமும் கணக்குல வருமா?” பக்கத்தில் இருந்த கடலூர்ப் பையன், “ஓட்டு இருக்கு, எம்.எல்.ஏ. இருக்காங்க, முதல்வர் இருக்கார், ஏன் வராது?” என்றான். வராது. 368 கேட்பது மாநிலங்களின் சட்டமன்றங்களை. இப்போது 28 மாநிலங்கள், பாதி என்றால் 14. புதுச்சேரி, டெல்லி, ஜம்மு காஷ்மீர் மூன்றிலும் பேரவை இருந்தாலும் மூன்றும் ஒன்றியப் பிரதேசங்கள். புதுச்சேரிப் பேரவை 1962-இன் 14வது திருத்தம் சேர்த்த 239அ-வின் கீழ், 1963-இல் நாடாளுமன்றம் போட்ட சாதாரணச் சட்டத்தால் வந்தது.

ஆனால் அதே பேரவையின் 30 உறுப்பினர்களும் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கிறார்களே? அதற்குக் காரணம் 1992-இன் 70வது திருத்தம். 54வது பிரிவில் ஒரு விளக்கம் சேர்த்து, இந்தப் பிரிவுக்கும் 55-க்கும் மட்டும் டெல்லியும் புதுச்சேரியும் மாநிலத்தில் அடக்கம் என்றார்கள். நியமன உறுப்பினர்களுக்கு அந்த வாக்கு இல்லை. 54-ஐத் தொடுவதால், அந்தத் திருத்தத்துக்கே மாநிலங்களின் ஒப்புதல் வேண்டியிருந்தது. புதுச்சேரிக்கு ஓட்டுக் கொடுப்பதா என்று மற்ற மாநிலங்கள் தீர்மானம் போட்டன, புதுச்சேரியிடம் யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் எரிச்சலூட்டும் ஏற்பாடுதான். அந்தப் பெண்ணின் முகத்திலும் அது தெரிந்தது.

இதற்கு நேர் எதிர் முனையில் மாநில அந்தஸ்துக் கேள்வி. புதுச்சேரியை மாநிலமாக்க எந்தப் பெரும்பான்மை வேண்டும்? பெரிய மாற்றம், ஆகவே சிறப்புப் பெரும்பான்மை, பாதி மாநிலங்கள் என்று கை பரபரக்கும். 3வது பிரிவின் கீழ் நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் சட்டம் போட்டால் போதும். அதனால் முதல் அட்டவணை மாறினாலும், அது 368-இன்படி திருத்தம் ஆகாது என்று 4(2) சொல்லிவிடுகிறது. ஒரு மாநிலத்தின் எல்லையையோ பெயரையோ தொடுவதாக இருந்தால் அதன் சட்டமன்றக் கருத்தைக் குடியரசுத் தலைவர் கேட்டாக வேண்டும். ஒன்றியப் பிரதேசத்துக்கு அந்தக் கட்டாயமும் இல்லை என்று 3-இன் விளக்கமே சொல்கிறது. கைடில் ‘சாதாரணப் பெரும்பான்மை: புதிய மாநிலம் உருவாக்கம்’ என்று அரை வரி இருக்கும். ஏன் என்பது மூலச் சட்டத்தில்தான் கிடைக்கும்.

ஆக, முடிவுக்கு வருகிறேன். குரூப் 4 முதல்முறை எழுதுகிறவர் பள்ளிப் புத்தகத்தில் தொடங்க வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கதை இல்லாமல் எண்கள் தங்காது. அதை முடித்த பின், மூலச் சட்டத்தில் முழுதும் வேண்டாம், நான்கே இடம் மட்டும்: 3, 4வது பிரிவுகள் சேர்ந்து ஓரிடம், பிறகு 19, 51அ, 368. மொத்தமே சில பக்கங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். கைடு கடைசி மாதத்துக்கு, எண்ணையும் ஆண்டையும் புதுப்பித்துக்கொள்ள.

குரூப் 2 முதன்மைத் தேர்வு வரை போக நினைப்பவருக்கு வரிசை மாறும். விரித்து எழுத வேண்டியிருப்பதால் மூலச் சட்டம் முதலில், அதோடு கேசவானந்த பாரதி, மினர்வா மில்ஸ், 97வது திருத்தத் தீர்ப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கைடு அவருக்கு அவசியமே இல்லை. புதுச்சேரித் தேர்வு எழுதுகிறவர் மேலே சொன்ன நான்கு இடங்களோடு 54-இன் விளக்கத்தையும் 239அ-வையும் சேர்த்துக்கொள்ளட்டும். மூலச் சட்டத்துக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. ஒன்றிய சட்ட அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எந்தப் பதிப்பாக இருந்தாலும், குறைந்தது 2023-இன் 106வது திருத்தம் வரை உள்ளதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பதிப்புகளில் பழையது நிறையச் சுற்றுகிறது.

கைடு வாங்கித்தான் தீருவேன் என்பவர் கடையில் நின்றபடியே நான்கு இடத்தைப் புரட்டலாம். 19-இல் சுதந்திரங்கள் ஆறு என்று இருக்க வேண்டும். ஏழு என்று இருந்தால், 1978-இன் 44வது திருத்தம் சொத்துரிமையை எடுத்து 300அ-வுக்கு அனுப்பிய சேதி அந்தப் பதிப்பாளருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. கடமைகள் பதினொன்று இருக்க வேண்டும், வரி கட்டுவதும் வாக்களிப்பதும் அதில் இருக்கக் கூடாது. வரி கட்டுவதை ஸ்வரண் சிங் குழு பரிந்துரைத்தது, ஆனால் அது சேர்க்கப்படவில்லை. சிறப்புப் பெரும்பான்மைக்கு இரண்டு நிபந்தனைகளும் தனித்தனியாகக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். 86-க்கு நேராக 45-உம் இருக்க வேண்டும். இந்த நான்கில் இரண்டு தவறினாலே அந்தக் கைடை அலமாரியில் திரும்ப வைத்துவிடலாம், அட்டையில் எந்த ஆண்டின் பதிப்பு என்று போட்டிருந்தாலும் சரி.